ஐந்து வாரம் திறந்து கிடக்கும் பிராஞ்சை என்ன செய்வது?

கேள்வி: அண்ணா, மட்டக்களப்பில் ஐந்து பேர் சேர்ந்து அரிசி ஆலைகளுக்கான நெல் கொள்வனவு மென்பொருள் செய்கிறோம். எல்லா ஆலைகளும் ஒரே சேர்வரில்தான். ஒவ்வொரு புதன் இரவும் ரிலீஸ். வேலைக்கொரு பிராஞ்ச் போடுகிறோம், சிலது மூன்று நான்கு வாரம் இழுபடும். செவ்வாய்க்கிழமை முழுக்க மேர்ஜ் செய்வதிலேயே போய்விடுகிறது. இப்போது ஈரப்பதக் கழிவைப் புதிய முறைக்கு மாற்றுகிறோம், ஐந்து வாரமாவது எடுக்கும். எல்லோரும் `main`-இலேயே தினமும் சேர்க்கும் ட்ரங்க் பேஸ்ட் முறைக்குப் போவோம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். முடியாத வேலை `main`-இல் கிடந்தால் புதன்கிழமை எதை அனுப்புவது? எங்களிடம் டெஸ்டும் குறைவு.
— கல்லடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, உங்கள் குழுவில் அவர் சொல்வதுதான் சரி. வாரா வாரம் ரிலீஸ் செய்யும் ஐந்து பேருக்கு நீண்ட பிராஞ்ச் பொருந்தாது. செவ்வாய்க்கிழமை வீணாவது அதற்கு ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம். கிட் கொன்ஃபிளிக்ட் என்று காட்டினால் அது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, இரண்டு பேர் இருந்து தீர்த்துவிடுவீர்கள். கிட் ஒன்றுமே சொல்லாமல் மேர்ஜ் ஆகிவிடும் இடத்தில்தான் விவசாயியின் காசு போகும். உங்கள் ஈரப்பதக் கழிவு வேலையையே எடுத்து அதைக் காட்டுகிறேன்.

உங்கள் கோடில் `net_weight(p)` மாதிரி ஏதாவது ஒன்று இருக்கும். மொத்த எடையிலிருந்து சாக்கின் எடையைக் கழித்துத் தரும். ஈரப்பதக் கழிவு வேறு இடத்தில், பற்றுச்சீட்டு அச்சிடும் பக்கத்தில் நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஈரப்பத வேலை செய்பவர் தன் பிராஞ்சில் அந்தக் கழிவை `net_weight`-இன் உள்ளேயே கொண்டுவருகிறார். நியாயமான மாற்றம், எல்லாக் கணக்கும் ஒரே இடத்துக்கு வருகிறது. அதே வாரங்களில் இன்னொருவர் விவசாயிக்கான மாதக் கணக்கு அறிக்கையை எழுதுகிறார். அவர் பார்க்கும் `main`-இல் `net_weight` சாக்கை மட்டுமே கழிக்கிறது. ஆகவே அதைக் கூப்பிட்டு, வருகிற எடையில் ஈரப்பதத்தைத் தானே கழித்துக்கொள்கிறார். இரண்டு பேரும் தொட்டது வேறு வேறு ஃபைல்கள். கிட் வரிகளைத்தான் ஒப்பிடும், வரிகளின் பொருளை அதற்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை இரண்டும் சத்தமில்லாமல் சேர்ந்துவிடும்.

இனி எண்ணைப் பாருங்கள். 60 மூடை, மொத்த எடை 4,200 கிலோ, சாக்குக்கு 1 கிலோ. மீதி 4,140 கிலோ. ஈரப்பதம் 17 சதவீதம், 14-க்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எடையில் ஒரு சதவீதம் கழிவு என்பது பழைய முறை. 4,015.8 கிலோவுக்குக் காசு கொடுக்க வேண்டும். மாத அறிக்கை இதே கழிவை இரண்டாம் தடவையும் கழித்து 3,895.3 கிலோ என்று காட்டும். 120 கிலோ காணாமல் போய்விட்டது. கிலோ 100 ரூபா என்று வைத்தாலும் ஒரே ஒரு இறக்கத்தில் 12,000 ரூபா. உங்கள் சேர்வரில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. சம்மாந்துறையிலோ வாழைச்சேனையிலோ ஒரு விவசாயி பற்றுச்சீட்டையும் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை அது வெளியே வராது.

"நாங்கள் தினமும் `main`-ஐ எங்கள் பிராஞ்சுக்குள் மேர்ஜ் செய்கிறோமே" என்று பல குழுக்கள் சொல்லும். அது பாதி வேலை. மற்றவர்கள் முடித்தது உங்களிடம் வருகிறது, நீங்கள் செய்தது அவர்களிடம் போவதில்லை. மேலே சொன்ன அறிக்கையும் ஒரு நீண்ட பிராஞ்சில் இருந்தால், இரண்டு பேரும் தினமும் `main`-ஐ இழுத்தாலும் ஒருவர் வேலையை மற்றவர் பார்க்கவே மாட்டார். ஐந்து பேரும் ஒரே கோடைப் பார்க்க வேண்டுமானால் ஐந்து பேரின் வேலையும் தினமும் `main`-க்கு வர வேண்டும். ட்ரங்க் பேஸ்ட் என்பதன் சாரம் அவ்வளவுதான். பிராஞ்சே போடக்கூடாது என்று அதற்குப் பொருளில்லை. காலையில் போட்டு, ரிவ்யூ முடிந்து, அன்று மாலையோ மறுநாளோ சேர்ந்து அழிகிற பிராஞ்ச் நல்லதுதான்.

இனி உங்கள் உண்மையான கேள்வி: ஐந்து வார வேலை பாதியில் இருக்கும்போது புதன்கிழமை என்ன போகும்? பாதி வேலையும் போகும். சேர்வரில் போய் இருக்கும், ஆனால் ஃபிளாக் என்ற சுவிட்சைத் திறக்கும்வரை ஓடாது. கோடை ரிலீஸ் செய்வதும் அந்த வசதியைத் திறந்துவிடுவதும் இரண்டு வேறு தீர்மானங்கள் என்று பிரித்துவிட்டால் இந்தப் பயம் போய்விடும். உங்கள் ஈரப்பத வேலையை நான் எந்த ஒழுங்கில் துண்டு போடுவேன் என்று சொல்கிறேன்.

முதல் துண்டில் புதிய முறையைத் தொடவே வேண்டாம். பழைய கழிவை ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் `net_weight`-இன் பொருளை மாற்றாதீர்கள். `payable_weight` என்று புதுப் பெயரில் ஒன்றை எழுதுங்கள். பழைய பெயரைக் கூப்பிடும் இடங்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கொமிட். கடைசி இடமும் மாறியதும் பழைய பெயரை அழித்துவிடுங்கள். இருக்கிற பெயருக்குள் பொருளை மாற்றினால் அதை நம்பி எழுதும் அடுத்தவருக்குத் தெரியாது. பெயரே இல்லாமல் போனால் அவருடைய டெஸ்ட் அந்த இடத்திலேயே விழும், ஏன் என்று கேட்பார். அந்த இரட்டைக் கழிவு உண்டாக வழியே இருக்காது. இந்தத் துண்டு முடியும்போது ஆலைக்காரருக்கு எந்த எண்ணும் மாறியிருக்கக்கூடாது. அதைத்தான் ரிவ்யூ செய்பவர் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தரவுத்தளம். கொள்வனவு அட்டவணையில் எந்த முறையில் கணக்கிட்டோம் என்று எழுத ஒரு நிரல் வேண்டும்.

```sql
ALTER TABLE purchases
  ADD COLUMN rule VARCHAR(8) NOT NULL DEFAULT 'old';
```

இதை மட்டும் ஒரு புதன்கிழமை அனுப்புங்கள். `DEFAULT` இருப்பதால் அந்த நிரலைப் பற்றித் தெரியாத பழைய கோடும் வழமைபோல் எழுதும். அந்த இரவு வேறு காரணத்துக்காக ரிலீஸைப் பின்வாங்க நேர்ந்தாலும் தரவுத்தளத்தைத் தொட வேண்டியதில்லை. நிரலைச் சேர்ப்பது ஒரு வாரம், அதில் எழுதுவது அடுத்த வாரம், வேண்டாததை நீக்குவது கடைசியில். நீண்ட பிராஞ்சில் இந்த மூன்றும் ஒரே இரவில் சேர்ந்து வரும். அப்போது பின்வாங்க இடமிருக்காது.

மூன்றாவது துண்டில்தான் புதிய முறை வருகிறது. உலர் எடையை அடிப்படையாக வைத்து 14 சதவீத ஈரப்பதத்துக்குச் சமமான எடையைக் காண்பதைத்தான் நீங்கள் புதிய முறை என்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

```python
def payable_weight(p):
    w = p.gross - p.bags * SACK_KG
    m = max(p.moisture, 14)
    if p.rule == "dry":
        return w * (100 - m) / 86
    return w * (1 - (m - 14) / 100)
```

அதே 60 மூடைக்குப் புதிய முறையில் 3,995.6 கிலோ வரும். பழையதைவிட 20 கிலோ குறைவு. இந்த இரண்டு எண்களையும் இரண்டு டெஸ்டாக அதே கொமிட்டில் போட்டுவிடுங்கள்.

இந்தக் கோடில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். "இப்போது ஃபிளாக் திறந்திருக்கிறதா" என்று அது கேட்கவில்லை, "இந்தக் கொள்வனவு எந்த முறையில் பதிவானது" என்று கேட்கிறது. ஆலையின் அமைப்பில் ஃபிளாக் இருக்கட்டும். நெல் இறங்கிப் பதிவாகும் அந்த நேரத்தில் மட்டும் அதைப் பார்த்து `rule`-இல் எழுதிவிடுங்கள். அதன்பின் கணக்குக்கு ஃபிளாக் தேவையில்லை. காசு சம்பந்தப்பட்ட மென்பொருளில் ஃபிளாக் வைப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். கணக்கிடும் இடத்தில் நேரே ஃபிளாக்கைப் பார்த்தால், அதைத் திறந்த மறுநாள் போன மாதப் பற்றுச்சீட்டைத் திரும்ப அச்சிடும்போது வேறு எடை வரும். ஏற்கனவே காசு வாங்கிப்போன விவசாயியின் கையில் ஒரு எண், உங்கள் திரையில் இன்னொரு எண்.

நான்காவது, திறப்பதற்கு முன் ஒரு வாரமாவது இரண்டு முறையையும் ஓடவிடுங்கள். பற்றுச்சீட்டில் பழைய எண்தான் போகும். புதிய எண்ணும் வித்தியாசமும் லொக்கில் மட்டும் எழுதப்படும். 17 சதவீதத்துக்கு வித்தியாசம் அரை சதவீத அளவில் நிற்க வேண்டும். 14-க்குக் கீழே சரியாகப் பூச்சியம் வர வேண்டும். எங்காவது 5 சதவீதம் தெரிந்தால், ஈரப்பதத்தைத் தவறாக அடித்திருப்பார்கள். நீண்ட பிராஞ்சில் இருந்தபடி இதைப் பார்க்க வழியே இல்லை, ஏனென்றால் உண்மையான நெல் உங்கள் பிராஞ்சுக்குள் இறங்குவதில்லை.

பிறகு ஒரு ஆலைக்குத் திறவுங்கள். அது புதன்கிழமையாக இருக்கத் தேவையில்லை. புதிய கோடு சேர்வரில் குறைந்தது ஒரு ரிலீஸ் தாண்டியிருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். அப்படியிருந்தால், திறந்த பிறகு முந்தைய வார ரிலீஸுக்குப் பின்வாங்கினாலும் அந்தக் கோடுக்கும் `dry` என்றால் என்னவென்று தெரியும். பெரும்போக வேளாண்மை வெட்டி நெல் ஆலைக்குக் குவியும் வாரங்களில் எந்த ஃபிளாக்கையும் தொடாதீர்கள். அப்போதும் புதன் ரிலீஸ் நடக்கலாம். இரண்டையும் பிரித்து வைத்ததன் பயன் அங்கேதான் தெரியும்.

கடைசித் துண்டைப் பலர் செய்வதே இல்லை: ஃபிளாக்கை அழிப்பது. எல்லா ஆலைகளும் மாறியதும் அமைப்பிலிருந்து அதை நீக்குங்கள். `rule` நிரலும் பழைய கணக்கும் பழைய பற்றுச்சீட்டுகளுக்காக இருக்கத்தான் வேண்டும். ஃபிளாக் இருக்கத் தேவையில்லை. அதைப் போடும் அன்றே அழிக்கும் வேலையையும் யாருடையது என்று எழுதி வைத்துவிடுங்கள். ஒருபோதும் பழைய ஃபிளாக்கின் பெயரை வேறு வேலைக்கு எடுக்காதீர்கள். 2012 ஆகஸ்ட் 1-ஆம் திகதி அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு நடந்தது அதுதான். கைவிட்ட ஒரு வசதியின் ஃபிளாக்கைப் புதிய வசதிக்கு மறுபடி பயன்படுத்தினார்கள். எட்டு சேர்வர்களில் ஒன்றுக்குப் புதிய கோடு போகவில்லை. அந்த ஒன்றில் ஃபிளாக் திறந்ததும் பழைய கோடு விழித்துக்கொண்டு தாறுமாறாக வாங்கி விற்றது. 45 நிமிடத்தில் 44 கோடி டொலருக்கும் மேல் நட்டம். நீண்ட பிராஞ்சை விட்டு ஃபிளாக்குக்கு வருகிறவர்கள் இந்தக் கடனையும் கூடவே எடுக்கிறார்கள் என்று தெரிந்தே வர வேண்டும். ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஃபிளாக்குக்கு மேல் திறந்திருந்தால் எந்தச் சேர்க்கையை டெஸ்ட் செய்தீர்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது.

புதன்கிழமை ரிலீஸ் இனி சுருக்கமான வேலை. செவ்வாய் மாலை `main`-இலிருந்து ஒரு ரிலீஸ் பிராஞ்சை வெட்டுங்கள். மற்றவர்கள் `main`-இல் தொடர்ந்து வேலை செய்யலாம். சோதிக்கும்போது பிழை கண்டால் முதலில் `main`-இல் திருத்துங்கள், பிறகு அந்த ஒரு கொமிட்டை மட்டும் ரிலீஸுக்கு எடுங்கள்.

```
git switch -c release/w32 main
git cherry-pick -x <commit>
```

இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். இரவு பத்து மணிக்கு ரிலீஸ் பிராஞ்சில் மட்டும் திருத்திவிட்டுப் படுத்தால், அதே பிழை அடுத்த புதன்கிழமை திரும்பி வரும், ஏனென்றால் அடுத்த ரிலீஸ் `main`-இலிருந்துதான் வெட்டப்படுகிறது. `-x` போட்டால் எந்தக் கொமிட்டிலிருந்து வந்தது என்று செய்தியிலேயே பதிவாகும். அந்த வரி இல்லாத கொமிட் எதுவும் ரிலீஸ் பிராஞ்சில் இருக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டால் சரிபார்ப்பதும் எளிது.

டெஸ்ட் குறைவு என்கிறீர்கள். அதுதான் எனக்கும் கவலை. டெஸ்ட் இல்லாமல் தினமும் `main`-க்குச் சேர்த்தால், செவ்வாய்க்கிழமை பட்ட பாட்டை ஐந்து நாளுக்கும் பங்கிட்டதாகத்தான் முடியும். ஆனால் எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எழுதும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. காசைத் தொடும் கோடிலிருந்து தொடங்குங்கள். உண்மையான பற்றுச்சீட்டுகளில் பத்து இருபதைப் பெயர்களை நீக்கி எடுங்கள்: ஈரப்பதம் 14-க்குக் கீழ் ஒன்று, சரியாக 14 ஒன்று, 20-க்கு மேல் ஒன்று, ஒரே நாளில் இரண்டு இறக்கம் ஒன்று. மூடை, எடை, ஈரப்பதம், கிலோ விலையைக் கொடுத்தால் அந்தச் சீட்டில் இருக்கும் தொகையே சதம் பிசகாமல் வர வேண்டும். இதை எழுத இரண்டு மூன்று நாள் போதும். ஒவ்வொரு `push`-க்கும் தானாக ஓடட்டும், பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். அதைவிட நீண்டால் ஆட்கள் முடிவைப் பார்க்காமல் அடுத்ததைத் தொடங்கிவிடுவார்கள். `main` உடைந்தால் முதலில் `git revert`, காரணம் தேடுவது அதற்குப் பிறகு. உடைத்தவர் வெட்கப்பட ஒன்றுமில்லை, சின்னக் கொமிட் என்பதால் திரும்பப் போட அதிக நேரம் எடுக்காது.

ரிவ்யூவும் வேகமாக வேண்டும். ஒருவர் காலையில் அனுப்பியது மறுநாள் மாலைவரை கிடந்தால் அவர் அதன்மேலேயே அடுத்ததையும் கட்டுவார், உங்களுக்குத் தெரியாமலே நீண்ட பிராஞ்ச் திரும்பி வந்துவிடும். பிராஞ்ச் எவ்வளவு பழையது என்று பார்க்க இது போதும்.

```
git log --reverse --format='%ar %s' main..origin/moisture
```

முதல் வரியில் வருவது இன்னும் சேராத மிகப் பழைய கொமிட்டின் வயது. `%cr` போட்டால் `rebase` செய்யும்போதெல்லாம் வயது புதிதாகிவிடும், அதனால் `%ar`. இரண்டு நாளைத் தாண்டியது எதுவானாலும் காலைக் கூட்டத்தில் அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

வேலைக்கொரு பிராஞ்ச் போடும் `develop`, `feature` ஒழுங்கு 2010-இல் வின்சென்ட் டிரீசன் எழுதிய முறையிலிருந்து பரவியது. தொடர்ந்து புதுப்பிக்கும் வலை மென்பொருளுக்கு இதைவிட எளிய முறையை எடுக்கும்படி 2020-இல் அவரே அந்தக் கட்டுரையின் தலையில் குறிப்புச் சேர்த்தார். ஆலைக்கு ஆலை வேறு வேறு பதிப்பை அவரவர் கணினியில் நிறுவிக் கொடுக்கிறீர்கள் என்றால் என் பதில் கொஞ்சம் மாறும், பழைய ரிலீஸ் பிராஞ்சுகளை உயிரோடு வைத்திருக்க வேண்டிவரும். அப்போதும் புதிய வேலை `main`-க்குத்தான் போக வேண்டும். ஒன்று சரிவருமா என்று பார்க்க மட்டும் எழுதி, பிறகு எறிந்துவிடப் போகும் கோடு எத்தனை நாள் பிராஞ்சில் கிடந்தாலும் பரவாயில்லை.

ஏற்கனவே திறந்திருக்கும் ஈரப்பத பிராஞ்சை இந்தச் செவ்வாய்க்கிழமை முழுதாக மேர்ஜ் செய்யாதீர்கள். அதை எழுதியவரும் மாத அறிக்கை எழுதுபவரும் ஒரு மேசையில் இருந்து `git diff main...moisture` முழுவதையும் படிக்கட்டும். எண்ணை மாற்றாத பகுதிகளை, அதாவது பெயர் மாற்றம், ஓரிடத்துக்குக் கொண்டுவந்தது, டெஸ்ட் ஆகியவற்றை, புதிய சின்னப் பிராஞ்சுகளில் ஒன்றன்பின் ஒன்றாக `main`-க்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்று சேர்ந்ததும் `main`-ஐ `moisture`-க்குள் மேர்ஜ் செய்தால் அந்த வேறுபாடு சுருங்கும். மிஞ்சுவது புதிய கணக்கும் அந்த நிரலும் மட்டும்தான் என்று ஆகும்போது, அவற்றை மேலே சொன்ன ஒழுங்கில் புதிதாக எழுதிவிட்டுப் பழைய பிராஞ்சை அழித்துவிடுங்கள்.